குளுக்கோஸின் முதற்கார்பன்: ஆல்ஃபா, பீட்டா என்னும் பெயர்கள் எதைச் சொல்கின்றன?

முதுநிலை மாணவர்களிடம் ஆல்ஃபா குளுக்கோஸுக்கும் பீட்டா குளுக்கோஸுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் ஒரே விடையைத் தருகிறார்கள். முதற்கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி கீழே இருந்தால் ஆல்ஃபா, மேலே இருந்தால் பீட்டா. நுழைவுத் தேர்வுக்கு இது போதும். ஆனால் கீழே என்பது எதற்குக் கீழே என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. பெங்களூரில் சர்க்கரைகளைப் பற்றிப் புரதங்களைப் படிக்கும் ஆய்வில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த இரண்டு கிரேக்க எழுத்துகளை நாள்தோறும் சீசாக்களின் மேல் எழுதுகிறேன். அவை உண்மையில் எதைக் குறிக்கின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். பதிவு நீளமானது, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் வளையம் உருவாவதைப் பார்ப்போம். குளுக்கோஸை நேர்ச்சங்கிலியாக எழுதும்போது ஆறு கார்பன்களில் முதலாவது ஆல்டிஹைடாக இருக்கிறது. மற்ற ஐந்திலும் ஒவ்வொரு ஹைட்ராக்சில் தொகுதி உண்டு. ஓர் ஆல்டிஹைடுடன் ஓர் ஆல்கஹால் சேர்ந்தால் ஹெமிஅசிட்டால் உருவாகும் என்பது நாம் அறிந்த வினை. சாதாரண ஆல்டிஹைடும் ஆல்கஹாலும் தனித்தனி மூலக்கூறுகளாக இருக்கும்போது, அந்தச் சேர்க்கை பெரும்பாலும் நிலைப்பதில்லை. குளுக்கோஸில் இரண்டும் ஒரே சங்கிலியில் இருக்கின்றன. ஐந்தாம் கார்பனின் ஹைட்ராக்சில் வளைந்து வந்து முதற்கார்பனைத் தொட்டால் ஐந்து கார்பனும் ஓர் ஆக்சிஜனும் கொண்ட ஆறணு வளையம் கிடைக்கிறது. இறுக்கமில்லாத வளையம் அது. அதனால் சமநிலை முழுவதும் வளையத்தின் பக்கமே சாய்கிறது. நீரில் கரைந்த குளுக்கோஸில் திறந்த சங்கிலியாக இருப்பது ஒரு லட்சம் மூலக்கூறுகளுக்கு இரண்டு மூன்று மட்டுமே.

இங்கே மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. வளையத்துக்குள் சென்ற ஆக்சிஜன் எது, வெளியே நிற்கும் புதிய ஹைட்ராக்சிலின் ஆக்சிஜன் எது? உள்ளே சென்றது ஐந்தாம் கார்பனுக்குச் சொந்தமானது. வெளியே நிற்பது முன்பு ஆல்டிஹைடின் இரட்டைப் பிணைப்பில் இருந்தது. இப்போது ஒரு புரோட்டானைப் பெற்று ஹைட்ராக்சிலாகிவிட்டது. அணுக்கள் எதுவும் வெளியேறவில்லை, எதுவும் சேரவும் இல்லை. C₆H₁₂O₆ என்னும் வாய்பாடு அப்படியே இருக்கிறது. ஆனால் முதற்கார்பன் மட்டும் மாறிவிட்டது. ஆல்டிஹைடாக இருந்தபோது அது தட்டையானது. இரண்டு முகங்கள் கொண்டது. ஐந்தாம் கார்பனின் ஆக்சிஜன் எந்த முகத்தின் வழியாக வந்து சேர்கிறதோ, அதைப் பொறுத்துப் புதிய ஹைட்ராக்சில் வளையத்தின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அமைகிறது. அதுவரை சீர்மையின்மை இல்லாதிருந்த ஒரு கார்பன், வளையம் மூடிய கணத்தில் சீர்மையற்ற மையமாகிறது. அந்த ஒரே மையத்தில் மட்டும் வேறுபடும் இரட்டையர்களுக்குத்தான் ஆனோமர்கள் என்று பெயர். முதற்கார்பனை ஆனோமரிக் கார்பன் என்கிறோம்.

இனி, எதற்குக் கீழே என்ற கேள்விக்கு வருவோம். ஹாவொர்த் படத்தில் டி-குளுக்கோஸை வழக்கமான முறையில் வரைந்தால், ஐந்தாம் கார்பனிலிருந்து ஆறாம் கார்பன் மேல்நோக்கி நிற்கும். முதற்கார்பனின் ஹைட்ராக்சில் அதற்கு எதிர்ப்பக்கம் இருந்தால் ஆல்ஃபா; அதே பக்கம் இருந்தால் பீட்டா. அதாவது ஆல்ஃபா என்பது ஒரு திசையின் பெயரன்று, ஓர் உறவின் பெயர். முதற்கார்பனுக்கும், அந்தச் சர்க்கரை டி வகையா எல் வகையா என்று தீர்மானிக்கும் கார்பனுக்கும் இடையிலான உறவு அது. படத்தை யாரேனும் தலைகீழாக வரைந்தால் மேல் கீழாகும், உறவு மாறாது. எல் வகைச் சர்க்கரைகளில் இந்த வேறுபாடு உடனே தெரியும். ஆல்ஃபா-எல்-குளுக்கோஸ் என்பது ஆல்ஃபா-டி-குளுக்கோஸின் ஆடி பிம்பம். அதை வழக்கமான முறையில் வரைந்தால் முதற்கார்பனின் ஹைட்ராக்சில் மேலே நிற்கும். ஆனாலும் அது ஆல்ஃபாதான். நம் செங்குருதி அணுக்களின் மேல் இருக்கும் ஃப்யூகோஸ், எல் வகையைச் சேர்ந்தது. ஆல்ஃபா பிணைப்பில் இருப்பது. கீழே, மேலே என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், இரத்த வகைகளைப் பற்றிய பாடத்தில் அந்த அமைப்பைத் தவறாகவே வரைவார்.

பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதும் அறியத்தக்கது. வளையமே தெரியாத காலத்தில், 1846-இல், பிரெஞ்சு வேதியியலாளர் துய்பிரன்ஃபோ, புதிதாகக் கரைத்த குளுக்கோஸ் கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்பும் அளவு நேரம் செல்லச் செல்லக் குறைவதைக் கண்டார். 1895-இல் தான்ரே, வெவ்வேறு தொடக்கச் சுழற்சி கொண்ட குளுக்கோஸ் வகைகளைப் படிகங்களாகப் பிரித்துக் காட்டினார். பின்னர், 1909-இல் அமெரிக்காவின் ஹட்சன் ஒரு விதியை முன்வைத்தார்: டி வரிசைச் சர்க்கரைகளில் வலப்புறமாக அதிகம் திருப்புவதை ஆல்ஃபா என்போம். ஆக இந்தப் பெயர்களுக்குப் பின்னே முதலில் இருந்தது படமன்று, ஒளிச்சுழற்சிக் கருவியின் எண். அந்த எண்ணைப் பின்தொடர்ந்தால் முழுக் கதையும் தெளிவாகிறது.

சாதாரண வெப்பநிலையில் நீரிலிருந்து படிகமாகும் குளுக்கோஸ், ஆல்ஃபா வகை. அதன் நியமச் சுழற்சி +112.2 பாகை. பீட்டா வகையைத் தூய்மையாகப் பெற்றால் +18.7. எதை எடுத்து நீரில் கரைத்தாலும் சில மணி நேரத்தில் இரண்டும் +52.7 என்னும் ஒரே இடத்துக்கு வந்து நின்றுவிடுகின்றன. ஒன்று இறங்கி வருகிறது, மற்றொன்று ஏறி வருகிறது. ஆல்ஃபா வளையம் திறந்து, கணநேரம் ஆல்டிஹைடாகி, மீண்டும் மூடும்போது பீட்டாவாகவும் மூடலாம், பீட்டாவும் அவ்வாறே. அந்த லட்சத்தில் இரண்டு மூன்று மூலக்கூறுகள்தாம் இரு கரைகளுக்கும் நடுவிலுள்ள வாசல். பாடநூல்கள் இதை மியூட்டாரொட்டேஷன் என்கின்றன. சுழற்சி மாற்றம் என்று சொல்லலாம்.

சமநிலையில் எவ்வளவு ஆல்ஃபா, எவ்வளவு பீட்டா என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும். 52.7-இலிருந்து 18.7-ஐக் கழித்தால் 34. 112.2-இலிருந்து 18.7-ஐக் கழித்தால் 93.5. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.364. எனவே ஏறத்தாழ 36 விழுக்காடு ஆல்ஃபா, 64 விழுக்காடு பீட்டா. திறந்த சங்கிலியும் ஐந்தணு வளையங்களும் மிகச் சிறிதளவே இருப்பதால் இந்தக் கணக்கில் அவற்றை விட்டுவிடலாம்.

சில மாதங்களுக்கு முன், கோடைகாலப் பயிற்சிக்காகத் தென் தமிழகத்திலிருந்து ஒரு மாணவி எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். போலாரிமீட்டரைப் பார்த்ததும் அவர் சொன்னது இது: “அண்ணா, எங்க காலேஜ்ல இந்த மெஷின் ரிப்பேரா இருந்துச்சு. குளுக்கோஸ் போட்டா ரீடிங் நிக்கவே நிக்காது. நின்னதுக்கப்புறம் எழுதிக்கோங்கன்னு சொல்லிடுவாங்க.” எந்தக் கல்லூரி என்பது இங்கு முக்கியமில்லை; பல கல்லூரிகளில் இப்படித்தான் நடக்கிறது. எனக்கு உறுத்தியது ஒன்றுதான். அந்தச் சோதனையில் அறிய வேண்டிய செய்தி முழுவதும், எண் நகர்ந்துகொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருந்தது. நகர்வதைக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டு, நின்ற பிறகு வந்த ஒரே எண்ணை ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். வளையம் திறந்து மூடுவதைக் கண்ணால் காணக் கிடைத்த ஒரே வாய்ப்பு அப்படிக் கைநழுவியது.

கருவிக் கோளாறா, வேதியியலா என்று எப்படிப் பிரித்தறிவது? அவரிடம் முதலில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் என்ற அளவில் சுக்ரோஸ் கரைசல் தயாரிக்கச் சொன்னேன். அதாவது நம் வீட்டுச் சர்க்கரை. அதன் நியமச் சுழற்சி +66.5. இரண்டு டெசிமீட்டர் நீளக் குழாயில் 13.3 பாகை காட்ட வேண்டும். காட்டியது, அரைமணி கழித்தும் அதே எண் நின்றது. சுக்ரோஸில் குளுக்கோஸின் ஆனோமரிக் கார்பனும் ஃப்ரக்டோஸின் ஆனோமரிக் கார்பனும் ஒன்றையொன்று பிணைத்துப் பூட்டிக்கொண்டுள்ளன. அங்கே திறக்கக்கூடிய ஹெமிஅசிட்டால் கிடையாது. எனவே சுழற்சி மாற்றமும் இல்லை. கருவி நகர்ந்தால் சுக்ரோஸிலும் நகர்ந்திருக்கும். கருவி நலமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட மலிவான சான்று இல்லை.

அடுத்து அதே செறிவில் குளுக்கோஸ். ஆல்ஃபா படிகத்துக்கு 112.2-ஐ இரண்டால் பெருக்கி, மில்லிலிட்டருக்கு 0.1 கிராம் என்னும் செறிவாலும் பெருக்கினால் 22.4 பாகை. இறுதியில் நிற்க வேண்டிய இடம் 10.5 பாகை. நடுவில் கடக்க வேண்டிய தொலைவு ஏறக்குறைய 12 பாகை. 25 செல்சியஸ் வெப்பநிலையில், தூய நீரில், மீதமுள்ள தொலைவு பாதியாகக் குறைய ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். அப்படியானால் அரைமணியில் 16.5, ஒரு மணியில் 13.5, ஒன்றரை மணியில் 12, இரண்டு மணியில் 11.3 என்று எண் இறங்க வேண்டும். பெங்களூரின் அறை வெப்பநிலை இந்தச் சோதனைக்கு வசதியானது. சென்னையின் கோடையில் குளிரூட்டி இல்லாத அறையில் செய்தால் இறக்கம் இன்னும் வேகமாக இருக்கும். தொடக்கப் புள்ளிகளைத் தவறவிட்டுவிடுவோம். எந்த ஊரானாலும் கரைத்து, வடிகட்டி, குழாயில் நிரப்புவதற்குள் சில நிமிடங்கள் கடந்துவிடும். அதனால் முதல் வாசிப்பு 22.4-ஐ எட்டாது. இறுதி எண்ணைக் கழித்து, மீதியின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதைப் பின்னோக்கி நீட்டி, கரைத்த கணத்தின் மதிப்பைப் பெற வேண்டும்.

மூன்றாவதாக, புதிய குளுக்கோஸ் கரைசலில் நீர்த்த அம்மோனியாவை ஒரு துளி விடச் சொன்னேன். எண் மளமளவென்று இறங்கிச் சில நிமிடங்களில் நின்றுவிட்டது. வளையம் திறப்பதற்கு ஒரு புரோட்டான் இடம்பெயர வேண்டும். காரமும் அமிலமும் அந்த வேலையை எளிதாக்குகின்றன. இறுதி எண் மாறவில்லை, அதை அடையும் வேகமே மாறியது. வேகம் வேறு, சமநிலை வேறு என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்கிறோம். அந்த மாணவி அன்று அதைத் தன் ஏட்டில் இரண்டு வளைகோடுகளாக வரைந்து, இரண்டும் ஒரே கிடைக்கோட்டில் சேரும் இடத்தில் வட்டமிட்டிருந்தார்.

இது போலாரிமீட்டரோடு முடிந்துவிடும் செய்தியும் அன்று. மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் குளுக்கோஸை அளக்கப் பயன்படும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி, பீட்டா-டி-குளுக்கோஸை மட்டுமே நாடும். ஆல்ஃபாவை அது ஏறக்குறையத் தொடுவதில்லை. நோயாளியின் குருதியில் குளுக்கோஸ் வெகுநேரமாக நீரில் இருப்பதால் 36-க்கு 64 என்ற சமநிலையை அடைந்திருக்கிறது. ஆனால் ஒப்பீட்டுக்கான திட்டக் கரைசலை யாரேனும் அப்போதுதான் படிகத்திலிருந்து தயாரித்து உடனே பயன்படுத்தினால், அதில் இருப்பது பெரும்பாலும் ஆல்ஃபா. நொதி அதில் குறைவாகவே வேலை செய்யும். திட்டக் கரைசலின் நிறம் மங்கலாக வரும். விளைவு வேடிக்கையானது: பிழை இருப்பது திட்டக் கரைசலில், ஆனால் அதனோடு ஒப்பிடும்போது நோயாளியின் சர்க்கரை உண்மையைவிட உயர்வாகத் தெரியும். இதற்காகத்தான் திட்டக் கரைசலைத் தயாரித்தபின் குறைந்தது இரண்டு மணி நேரமோ ஓர் இரவோ வைத்திருந்து பயன்படுத்தச் சொல்கிறார்கள். சில வினைப்பொருள் தொகுப்புகளில் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் விரைந்து மாற்றும் மியூட்டாரொட்டேஸ் என்னும் நொதியையும் சேர்த்தே தருகிறார்கள். ஐயம் எழுந்தால் சோதிப்பது எளிது. புதிய திட்டக் கரைசலையும் முந்தைய நாளின் திட்டக் கரைசலையும் அருகருகே அளந்து பாருங்கள். புதியது குறைவாகக் காட்டி, பிற்பகலில் இரண்டும் ஒன்றானால், காரணம் ஆனோமர்தான்.

இப்போது 64 என்ற எண்ணையே கொஞ்சம் கேள்விக்குள்ளாக்குவோம். ஆறணு வளையம் உண்மையில் தட்டையாக இல்லை. நாற்காலி வடிவில் மடிந்திருக்கிறது. பீட்டா-டி-குளுக்கோஸின் நாற்காலியில் எல்லாப் பெரிய தொகுதிகளும் பக்கவாட்டில் விரிந்து, ஒன்றையொன்று நெருக்காமல் இருக்கின்றன. ஆல்ஃபாவில் முதற்கார்பனின் ஹைட்ராக்சில் மட்டும் அச்சுத் திசையில் செங்குத்தாக நின்று, அதே பக்கத்தில் உள்ள ஹைட்ரஜன்களோடு நெருக்கப்படுகிறது. எனவே பீட்டா மிகுதியாக இருப்பது இயல்பு. ஆனால் எவ்வளவு மிகுதி? வெறும் சைக்ளோஹெக்சேன் வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் செங்குத்தாக நிற்பதற்கு ஆகும் செலவை வைத்துக் கணக்கிட்டால், பீட்டா 80 விழுக்காட்டுக்கும் மேல் இருந்திருக்க வேண்டும். 64-க்கு 36 என்ற விகிதம் குறிப்பது, மோலுக்கு 1.4 கிலோஜூல் என்னும் சிறு வேறுபாட்டை மட்டுமே. ஆல்ஃபாவுக்கு எங்கிருந்தோ ஓர் ஆதரவு கிடைக்கிறது.

அந்த ஆதரவு வளைய ஆக்சிஜனிடமிருந்து வருகிறது. முதற்கார்பன், மற்ற கார்பன்களைப் போலன்றி, இரண்டு ஆக்சிஜன்களைச் சுமக்கிறது. வெளி ஆக்சிஜன் செங்குத்தாக நிற்கும்போது, வளைய ஆக்சிஜனின் தனி இணை எலெக்ட்ரான்கள் அந்தக் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் சிறிது பரவ முடிகிறது. பக்கவாட்டில் நிற்கும்போது அந்த நேர்வரிசை அமைவதில்லை. இருமுனைத் திருப்புத்திறன்கள் ஒன்றையொன்று எதிர்க்கும் அளவும் செங்குத்து நிலையில் குறைகிறது. இவ்விரண்டில் எது முதன்மை என்பதில் இன்னும் வாதம் உண்டு. விளைவுக்கு மட்டும் ஆனோமரிக் விளைவு என்று பெயர். நீர் இந்த விளைவைக் குறைக்கிறது. எனவே கரைப்பான் மாறினால் விகிதமும் மாறும்.

இதனோடு ஒரு முரணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கரைசலில் பீட்டா பெரும்பான்மை. ஆனால் அந்தக் கரைசலைச் சாதாரண வெப்பநிலையில் வற்றவைத்தால் படிகமாகக் கிடைப்பது ஆல்ஃபா. ஆல்ஃபா நீரில் குறைவாகக் கரைவதால் அது முதலில் படிகமாகிறது. கரைசலில் குறைந்த ஆல்ஃபாவை ஈடுகட்டப் பீட்டா வளையங்கள் திறந்து ஆல்ஃபாவாக மூடுகின்றன. இப்படியே மெல்ல மெல்ல முழுவதும் ஆல்ஃபா படிகமாகிவிடுகிறது. சீசாவிலிருப்பது எது என்பதைக் கரைசலின் விகிதத்திலிருந்து ஊகிக்கக் கூடாது என்பதற்கு இது காரணம்.

இதுவரை பேசியது தனித்த குளுக்கோஸ். அதன் முதற்கார்பன் மனத்தை மாற்றிக்கொண்டே இருக்க முடியும். ஆனால் அந்த ஹைட்ராக்சில் இன்னொரு ஆல்கஹாலோடு வினைபுரிந்து நீரை இழந்தால், ஹெமிஅசிட்டால் முழு அசிட்டாலாகிறது, கிளைகோசைடு கிடைக்கிறது. அந்தக் கணத்தில் ஆல்ஃபா அல்லது பீட்டா என்னும் தேர்வு பூட்டப்படுகிறது. அமிலமோ உரிய நொதியோ வந்தாலன்றித் திறக்காது. ஆல்ஃபாவாகப் பூட்டிய குளுக்கோஸ் சங்கிலி, நாம் உண்ணும் சோற்றிலும் கேழ்வரகுக் களியிலும் உள்ள ஸ்டார்ச். பீட்டாவாகப் பூட்டிய சங்கிலி, நாம் உடுத்தும் பருத்தியின் செல்லுலோஸ். முன்னது சுருளாக வளைகிறது, பின்னது நேராக நீண்டு அடுத்த சங்கிலியோடு இறுகுகிறது. இது எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு என்பதால் இங்கே நீட்டவில்லை.

அதைவிட நுட்பமான ஓர் எடுத்துக்காட்டு இதே பெங்களூரில் நடந்திருக்கிறது. அதைச் சொல்லவே இவ்வளவு முன்னுரை. பலாக்கொட்டையில் ஜாக்கலின் என்னும் புரதம் உண்டு; லெக்டின் வகையைச் சேர்ந்தது, அதாவது சர்க்கரைகளை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வது. நம் குருதியின் இம்யூனோகுளோபுலின் ஏ1-ஐத் தனியே பிரித்தெடுக்க உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுவது. இதன் முப்பரிமாண அமைப்பை, மெத்தில்-ஆல்ஃபா-கேலக்டோஸைப் பிடித்திருக்கும் நிலையில், இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், ஏ. சுரோலியா ஆகியோரின் குழுக்கள் 1996-இல் வெளியிட்டன. கேலக்டோஸ் என்பது நான்காம் கார்பனில் மட்டும் குளுக்கோஸிலிருந்து வேறுபடும் சர்க்கரை. முதற்கார்பனைப் பொறுத்தவரை மேலே சொன்ன எல்லாமே அதற்கும் பொருந்தும். மெத்தில் தொகுதி எதற்கு என்று கேட்கலாம். தனித்த கேலக்டோஸைப் பயன்படுத்தினால் கரைசலில் இரண்டு ஆனோமர்களும் மாறிமாறி இருக்கும். புரதம் எதை விரும்புகிறது என்று தெளிவாகச் சொல்ல முடியாது. மெத்தில் தொகுதி அந்தத் தேர்வைப் பூட்டிவைக்கிறது.

ஜாக்கலின், ஆல்ஃபா கேலக்டோசைடுகளை வலுவாகவும் பீட்டா கேலக்டோசைடுகளைப் பலவீனமாகவும் பிணைக்கிறது. ஏன்? எளிதில் தோன்றும் விளக்கம் இடநெருக்கடி. ஆல்ஃபாவில் பதிலிட்ட தொகுதி ஒரு திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறது, பீட்டாவில் மற்றொரு திசையில். பீட்டாவின் தொகுதி புரதத்தின் சுவரில் இடிக்கிறது, எனவே பிடி தளர்கிறது. பல ஆண்டுகள் இந்த விளக்கமே நிலவியது. கீழே, மேலே என்று படித்த மனத்துக்கு இது மிகவும் இயல்பாகப் பொருந்தும்.

2015-இல் அதே குழுக்கள் இந்த விளக்கத்தைச் சோதனைக்கு உட்படுத்தின. ஜாக்கலினோடு பொருத்தமான பல சர்க்கரைகளைச் சேர்த்துப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் பார்த்தார்கள். பிணைப்பின்போது வெளிப்படும் வெப்பத்தைக் கலோரிமானியில் துளித்துளியாகச் சேர்த்து அளந்தார்கள். முடிவு, முந்தைய விளக்கம் சரியில்லை என்பதுதான். பதிலிட்ட தொகுதிக்கும் புரதத்துக்கும் இடையிலான தொடர்புகள் ஆல்ஃபாவிலும் பீட்டாவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. சுவரில் எதுவும் இடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, பீட்டா கேலக்டோசைடுகளில் சர்க்கரை வளையமே தன் நாற்காலி வடிவத்திலிருந்து திரிந்திருந்தது. தன் தொகுதியை அதே இடத்தில் பொருத்துவதற்காக வளையம் தன்னை வளைத்துக்கொள்கிறது. வளைவதற்கு ஆற்றல் செலவாகிறது. அந்தச் செலவுதான் பிணைப்பின் பலவீனமாக வெளிப்படுகிறது.

இந்தக் கட்டுரையை நான் முதன்முதலில் படித்தபோது, ஆனோமர் என்னும் சொல்லே எனக்கு வேறு பொருள் பெற்றது. ஒரு கார்பனில் ஒரு தொகுதி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது கேள்வியின் தொடக்கம் மட்டுமே. அந்தப் பக்கத்தில் நிற்பதற்கு, அல்லது அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்றோடு பொருந்துவதற்கு, முழு வளையமும் என்ன விலை கொடுக்கிறது என்பதே அடுத்த கேள்வி. கரைசலில் தனித்த குளுக்கோஸுக்கு ஆனோமர்களின் விலை வேறுபாடு 1.4 கிலோஜூல்; அது 64-க்கு 36 என வெளிப்படுகிறது. புரதத்தின் பிடியில் இருக்கும் கேலக்டோசைடுக்கு விலை வேறு. அது பிணைப்பின் வலிமையாக வெளிப்படுகிறது. இரண்டிலும் எழுத்துகள் அவையே, கணக்குகள் மட்டும் வெவ்வேறு. தாங்களே நம்பியிருந்த ஒரு விளக்கத்தை, இருபது ஆண்டுகள் ஆகும் தறுவாயில், தாங்களே அளந்து பார்த்துத் திருத்தியவர்களின் பணி இது என்பதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். பேராசிரியர் விஜயன் 2022-இல் மறைந்தார்.

கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆல்ஃபாவா பீட்டாவா என்று கேட்கும் தேர்வு வினாக்களில், ஒரு முறையேனும் வளையத்தைத் தலைகீழாக வரைந்து கொடுங்கள். ஒரு முறையேனும் எல் வகைச் சர்க்கரையைக் கொடுங்கள். மாணவர் முதலில் ஐந்தாம் கார்பனைத் தேடினால் அவர் புரிந்துகொண்டிருக்கிறார். முதலில் தாளின் மேல்பக்கத்தைத் தேடினால் இன்னும் இல்லை. ஆய்வக வகுப்பில் போலாரிமீட்டரின் எண் நகர்ந்தால், நிற்கும்வரை காத்திருக்கச் சொல்லாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு குழாய்ச் சுக்ரோஸ் இருக்கட்டும். செலவு இருபது கிராம் சர்க்கரையும் ஒரு பிற்பகலும் மட்டுமே.

கலைச்சொற்களில் இதைவிடப் பொருத்தமானவை உங்களிடம் இருந்தால் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். குறிப்பாக ஆனோமர் என்பதற்கு நல்லதொரு தமிழ்ச் சொல்லை நெடுநாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.